மளிகைக் கடைக்குப் பத்து வருஷம்: நன்றி நோட்டீசும் சின்னப் பரிசும், ஆரம்பம் முதல் முடிவு வரை

தண்டையார்பேட்டையில் ஓர் உள்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். பத்து வருஷம் நிறைந்ததும், வாடிக்கையாளர்களுக்கு நன்றி சொல்லி கையில் ஒரு சின்னப் பொருளையும் கொடுக்கலாம் என்று வீட்டில் பேசி முடிவு செய்தோம். ஒரு நோட்டீஸ், கொஞ்சம் பைகள், அவ்வளவுதானே என்று இறங்கினால் ஆடிட்டர், அச்சகம், பை வியாபாரி, பாரிமுனை என்று அலைச்சல் நீண்டுகொண்டே போனது. எதை முதலில் செய்வது, எதற்கு எவ்வளவு ஆகும், எங்கே மாட்டிக்கொள்வோம் என்று சொல்ல ஆள் இல்லை. இதே யோசனையில் இருக்கும் சின்னக் கடைக்காரர்களுக்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

எங்கள் கடை மளிகை என்பதால் உதாரணங்கள் எல்லாம் அரிசி பருப்பைச் சுற்றியே இருக்கும். ஃபேன்ஸி ஸ்டோரோ செருப்புக் கடையோ வைத்திருப்பவர்கள் தொகையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. நன்றி சொல்லும் நாள் வேறு, பரிசு கொடுக்கும் மாதம் வேறு

கடை திறந்த தேதியிலேயே பரிசும் கொடுத்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எங்கள் கடை திறந்தது மே மாதம். வடசென்னையில் மே என்றால் மீன்பிடித் தடைக்காலத்தின் நடுப்பகுதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. காசிமேட்டை நம்பியிருக்கும் வீடுகளில் அந்த நேரம் கையில் காசு இருக்காது. ஐஸ் உடைப்பவர், வலை பின்னுபவர், மீன் கூடை தூக்குபவர் என்று எல்லா வீட்டிலும் கணக்கு நோட்டு நீளும் காலம் அது. அப்போது போய் ‘இத்தனை ரூபாய்க்கு வாங்கினால் பரிசு’ என்று பலகை வைத்தால், வாங்க முடியாதவரைச் சீண்டுவது போல் ஆகிவிடும்.

அதனால் மே மாதம், கடை திறந்த நாளில் நன்றி மட்டும் சொன்னோம். பரிசு மாதமாக ஜூலையை வைத்தோம். ஜூன் பாதியில் படகுகள் போக ஆரம்பித்துவிடும், ஜூன் கடைசிக்குள் பழைய பாக்கிகளும் ஓரளவு அடைபடும். சம்பளக்காரர்களுக்கு ஜூன் மாதம் பள்ளிச் செலவு. ஜூலையில் அவர்களுக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும்.

உங்கள் தெருவுக்கு எந்த மாதம் சரி என்பதை உங்கள் கணக்கு நோட்டே சொல்லும். பாக்கி ஏறும் மாதத்தை விட்டு, பாக்கி இறங்கிய பிறகு வரும் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேலைகளை அதற்கு ஆறு வாரம் முன்னால் தொடங்க வேண்டும். பை தைத்து அச்சடித்து வர மூன்று வாரம், அட்டைக்கும் நோட்டீசுக்கும் இரண்டு வாரம், தாமதத்துக்கு ஒரு வாரம். ஆனி முகூர்த்தத்தை ஒட்டி அச்சகங்களில் கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்துவிடும். அந்த நேரத்தில் உங்கள் ஆயிரம் நோட்டீசை யாரும் மெஷினில் ஏற்ற மாட்டார்கள்.

2. நிபந்தனையை பில் புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

இந்த வேலையின் கரு இதுதான். பரிசைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், அது யாருக்கு என்பதை முடிவு செய்ய வேண்டும்.

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது ‘ஒரே பில்லில் ரூ.1,000-க்கு வாங்கினால் பரிசு’ என்பதுதான். எனக்கும் மொத்த வியாபாரி ஒருவர் அதைத்தான் சொன்னார். இரண்டு மாத பில்களை எடுத்து விரித்து வைத்துப் பார்த்தபோது அது சரிவராது என்று தெரிந்தது. ஆயிரத்தைத் தாண்டிய பில்கள் எல்லாம் மாதத்தின் முதல் பத்து நாளில், சம்பளம் வாங்கி மாதச் சரக்கு எடுப்பவர்களுடையவை. மீதி முக்கால்வாசி பில்கள் அறுபது, எண்பது, நூற்றிருபது. தினமும் வந்து கால் கிலோ துவரம்பருப்பும் ஐம்பது கிராம் மிளகாய்த்தூளும் வாங்கும் வீடுகள் அவை. அவர்கள் மாதம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் இரண்டாயிரம் ரூபாய் வரை நம்மிடம்தான் வாங்குகிறார்கள். ஆனால் ஒரே பில் ஆயிரம் என்பதை ஒருநாளும் தொட மாட்டார்கள். மீன் விற்கும் ஓர் அக்கா பேச்சுவாக்கில் காதில் விழுந்ததை வைத்துக் கேட்டார்: “ஏன் அண்ணாச்சி, மாசத்துக்கு ஒருவாட்டி வர்றவங்களுக்குப் பை, தினம் வர்ற எனக்கு இல்லியா?”

அதனால் மாதம் முழுக்கச் சேரும் தொகையைக் கணக்கில் எடுக்கும்படி ஓர் அட்டை போட்டோம். அட்டையில் 20 கட்டம். ஒவ்வொரு 50 ரூபாய்க்கும் ஒரு கட்டத்தில் முத்திரை. 20 கட்டமும் நிறைந்தால் ரூ.1,000. மாதச் சரக்கு எடுப்பவருக்கு ஒரே நாளில் நிறைந்துவிடும், தினம் வருபவருக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். முதலில் நூறு ரூபாய்க்கு ஒரு கட்டம் என்று நினைத்தோம். எண்பது ரூபாய் பில் போட்டவர் வெறும் அட்டையோடு திரும்ப வேண்டியிருக்கும் என்பதால் ஐம்பதாக்கினோம். 90 ரூபாய் பில்லுக்கு இரண்டு முத்திரை குத்திவிடுங்கள். பத்து ரூபாய் பாக்கியை எழுதி வைத்துக்கொண்டிருந்தால் கல்லாவில் கூட்டம் நகராது.

அடுத்தது எண்ணிக்கை. ‘முதலில் வரும் 400 பேருக்கு’ என்று போடாதீர்கள். மாதச் சரக்கு எடுப்பவர்கள் ஐந்தாம் தேதிக்குள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இருபதாம் தேதி அட்டை நிறைத்து வருபவருக்குப் பை இருக்காது, சண்டைதான் இருக்கும். எண்ணிக்கையை அட்டை கொடுக்கும்போதே கட்டுப்படுத்துங்கள். எங்களுக்கு 350 குடும்பம் வரை தெரியும். வரிசை எண் போட்ட 400 அட்டை அடித்தோம். அட்டை கையில் இருந்தால் பை உறுதி. பையை 420 வாங்கினோம், அந்த இருபது கிழிசல் தையல் கோணலுக்கு. அட்டை தீர்ந்தால் தீர்ந்ததுதான், கூடுதலாக அடிக்கவில்லை.

சேர்க்கக் கூடாத சரக்குகளும் உண்டு. பால் பாக்கெட்டையும் ரீசார்ஜையும் லாபம் மிகக் குறைவு என்பதால் விட்டோம். சிகரெட், பீடி, குழந்தைகளுக்கான பால்பவுடர் டப்பா, பால்புட்டி ஆகியவற்றை விட்டதற்குக் காரணம் வேறு. புகையிலைப் பொருளை எந்த விதத்திலும் விளம்பரப்படுத்தி ஊக்குவிக்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தாய்ப்பாலுக்கு மாற்றான பால்பவுடருக்கும் பால்புட்டிக்கும் பரிசு காட்டி விற்பது 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை. மளிகைக் கடைக்காரர்கள் பலருக்கு இந்த இரண்டாவது சட்டம் தெரிவதில்லை. அட்டையின் பின்பக்கம் ‘பால், ரீசார்ஜ், புகையிலைப் பொருள், குழந்தைப் பால்பவுடர், பால்புட்டி சேராது’ என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

அப்புறம் குலுக்கல். ‘முதல் பரிசு மிக்ஸி, இரண்டாம் பரிசு குக்கர்’ என்று டப்பா வைத்துச் சீட்டு போடச் சொல்வதைப் பல கடைகளில் பார்த்திருப்பீர்கள். செய்யாதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்பனையைக் கூட்டுவதற்காக நடத்தும் போட்டி, லாட்டரி, அதிர்ஷ்ட விளையாட்டு ஆகியவற்றை நியாயமற்ற வணிக நடைமுறைப் பட்டியலில் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2003-லிருந்து லாட்டரி விற்பனைக்கே தடை. யாராவது ஒருவர் புகார் கொடுத்தால் போதும், மிக்ஸி விலையைவிட வக்கீல் செலவு அதிகமாகிவிடும். நிபந்தனையை நிறைவேற்றிய எல்லாருக்கும் ஒரே பரிசு என்பதுதான் சிக்கல் இல்லாத வழி.

3. கணக்குப் போடுங்கள், லாபம் வரும் என்று போடாதீர்கள்

எங்கள் செலவு இது. பை ஒன்று 40 ரூபாய், 5 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 42. மொத்தம் 420 பைக்கு ரூ.17,640. பையில் அச்சடிக்க ஸ்க்ரீன் செய்ய ரூ.500. அட்டைக்கு ரூ.1,000. ஆயிரம் நோட்டீசுக்கு ரூ.1,100. கடை முகப்புக்கு ஆறடிக்கு மூன்றடி பேனர் ரூ.360. ஆக மொத்தம் ரூ.20,600. ஒரு குடும்பத்துக்கு ஐம்பது ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே.

இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். மளிகையில் எல்லாச் சரக்கும் சேர்த்து நூற்றுக்குப் பத்து ரூபாய் நின்றால் பெரிது. அப்படியானால் இந்த 20,600-ஐ எடுக்க, வழக்கத்துக்கு மேல் இரண்டு லட்சத்துச் சொச்சம் ரூபாய்க்கு விற்க வேண்டும். உள்தெருக் கடையில் ஒரு மாதத்தில் அது நடக்காது. அட்டை நிறைத்தவர்களில் பெரும்பாலானோர் எப்படியும் நம்மிடம் வாங்குபவர்கள்தான். ஆகவே இந்தத் தொகையைத் திரும்பி வராத செலவாக முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். ஒதுக்க முடியவில்லை என்றால் தொகையைக் குறையுங்கள். வெறும் நன்றி நோட்டீசும் வரும் பிள்ளைகளுக்கு மிட்டாயும் கொடுத்தாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

கூடாதது ஒன்று: அந்த மாதம் தளர் அரிசியிலும் பருப்பிலும் கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஏற்றி ஈடுகட்டுவது. பாக்கெட் பொருளில் எம்ஆர்பி இருக்கிறது, தளர் சரக்கில்தான் கை வைக்கத் தோன்றும். பக்கத்துக் கடை விலை நம் வாடிக்கையாளருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். விலையிலேயே சேர்த்து வாங்கிக்கொண்டு ‘இலவசம்’ என்று காட்டுவதும் மேலே சொன்ன நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது.

ஜிஎஸ்டி பற்றி ஒரு வார்த்தை. பரிசாகக் கொடுத்துவிடும் பொருளுக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுக்கக் கூடாது, சட்டத்தின் 17(5) பிரிவு அப்படிச் சொல்கிறது. எங்கள் கணக்கில் அது பைக்கு இரண்டு ரூபாய், மொத்தம் 840 ரூபாய். பொருளோடு சேர்த்துக் கொடுப்பதால் எடுக்கலாமா என்று ஆடிட்டரோடு வாதாட வழி இருக்கிறது. 2019 மார்ச்சில் வந்த 92-ஆம் எண் சுற்றறிக்கை, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற வகையைத் தனியாகத்தான் பார்க்கிறது. ஆனால் 840 ரூபாய்க்காக நாளைக்கு நோட்டீஸ் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டாம் என்று நாங்கள் விட்டுவிட்டோம். காம்பொசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு வரவு எடுக்கும் பேச்சே இல்லை.

4. பரிசு: ஏன் துணிப்பை, எப்படிப் பார்த்து வாங்குவது

தின்பண்டம் யோசித்தோம். நாமே கால் கிலோ சர்க்கரையோ கடலையோ கட்டி, கடைப் பெயர் ஒட்டிக் கொடுத்தால் அது பொட்டலப் பொருள் ஆகிவிடும். எடை, தேதி, முகவரி, உணவுப் பாதுகாப்பு எண் எல்லாம் அச்சிட வேண்டும். எவர்சில்வர் டம்ளர் நாற்பது ரூபாய்க்குள் கிடைப்பது கையில் எடுத்தாலே நசுங்குகிறது. கம்பெனிக்காரர்கள் ஸ்கீமில் கொடுக்கும் இலவசப் பொருள்களைச் சேர்த்து வைத்து நம் பரிசு என்று கொடுப்பது மானத்தை வாங்கும். பாக்கெட்டோடு தங்களுக்கு வரவேண்டியது என்று வாடிக்கையாளருக்குத் தெரியும்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ ஆரம்பித்த பிறகு துணிப்பையோடு கடைக்கு வருவதில் யாருக்கும் கூச்சம் இல்லை. அதனால் துணிப்பை. ஆனால் கோயம்பேட்டில் இயந்திரத்தில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை வருவது எல்லாருக்கும் தெரியும். அதே கனத்தில் நீங்களும் கொடுத்தால், பத்து வருஷத்துக்குப் பத்து ரூபாய் என்று பேச்சு வரும். கொஞ்சம் கனமான காடாத் துணி, 14 அங்குலத்துக்கு 16 அங்குலம், அடியில் மடித்து இரட்டைத் தையல், கைப்பிடி வாயோடு சேரும் இடத்தில் பெருக்கல் குறி போட்ட தையல். ஐந்து கிலோ அரிசி தாங்கினால் போதும்.

வாங்குமுன் மாதிரிப் பை ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்து மூன்று சோதனை செய்யுங்கள்.

முதலாவது நெருப்பு. துணிப்பை போலவே தோற்றமளிக்கும் நெய்யாத பைகளைப் பாதி விலைக்குத் தருவார்கள். தொட்டால் பஞ்சு மாதிரி, உற்றுப் பார்த்தால் சின்னச் சின்னப் புள்ளி அச்சாக இருக்கும், இழை குறுக்கும் நெடுக்குமாக ஓடாது. ஓரத்தில் ஒரு நூல் அளவு வெட்டி தீக்குச்சியில் காட்டினால் உருகிச் சொட்டாகி இறுகிவிடும். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். உருகுவது பிளாஸ்டிக். அந்தப் பையும் தடைப் பட்டியலில் இருக்கிறது. பத்தாம் ஆண்டுப் பரிசாகத் தடைசெய்த பொருளை நம் பெயர் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இரண்டாவது தண்ணீர். மஞ்சள் பையை நனைத்து வெள்ளைத் துணியில் தேயுங்கள். எங்கள் பகுதியில் இந்தப் பை மீன் மார்க்கெட்டுக்கும் போகும், நனையாமல் இருக்காது. சாயம் ஒட்டினால் சேலையில் கறையாகும். நாங்கள் பார்த்த மாதிரிகளில் மஞ்சள் எல்லாம் கொஞ்சமாவது ஒட்டியதால், சாயம் போடாத வெளிர்நிறக் காடாவுக்கு மாறினோம். ‘மஞ்சப்பை’ என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை, பரவாயில்லை.

மூன்றாவது எடை. ஐந்து கிலோ அரிசியைப் போட்டு ஆணியில் ஒரு ராத்திரி தொங்கவிடுங்கள். காலையில் கைப்பிடித் தையல் விரிந்திருந்தால் அந்த வியாபாரி வேண்டாம்.

துணி மொத்தமாக வாங்கி நாமே தைக்கக் கொடுக்க வேண்டும் என்றால் கோடவுன் தெரு இருக்கிறது. நானூறு பைக்கு அந்த அலைச்சல் கட்டுப்படியாகாது. தைத்து அச்சடித்தே தருபவரிடம், அல்லது பை தைக்கும் மகளிர் குழுவிடம் கொடுப்பது நல்லது. பாதிப் பணம் முன்பணம், மீதி எண்ணி வாங்கும்போது. ஐம்பது ஐம்பதாகக் கட்டி வரும் கட்டுகளைப் பிரித்து எண்ணுங்கள். எங்களுக்கு வந்த கட்டுகளில் சிலவற்றில் நாற்பத்தெட்டுதான் இருந்தது. கேட்டதும் தந்துவிட்டார்கள், எண்ணாமல் விட்டிருந்தால் நமக்குத்தான் நஷ்டம்.

பணம் கொடுப்பதில் ஒரு சங்கதி. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அது வியாபாரச் செலவாக ஏறாது. வங்கி வழியாகவோ யுபிஐ-யிலோ கொடுங்கள். உங்கள் ஜிஎஸ்டி எண் போட்ட பில் கேட்டு வாங்குங்கள்.

5. அச்சில் எழுத்து உடையும், கவனம்

பையில் ஒரே நிறம், ஒரே பக்கம். நிறம் கூடினால் ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்க்ரீன், தனிக் காசு. கடைப் பெயர், தெரு, போன் எண், ‘10 ஆண்டு நிறைவு’ இவ்வளவுதான். கடவுள் படம் போடாதீர்கள். அந்தப் பையில் மீனும் கறியும் வரும், கிழிந்தால் கால்மிதியாகவும் ஆகும்.

தமிழில்தான் தலைவலி. நாம் போனில் தட்டி அனுப்பும் தமிழ் யூனிகோட். பல டிடிபி கடைகளில் இன்னும் பழைய எழுத்துருவில்தான் வேலை நடக்கிறது. மாற்றும்போது கொம்பு இடம் மாறும், ‘ஸ்ரீ’ கட்டமாக நிற்கும், ‘கொ’ என்பது ‘கெ’ என்றும் துணைக்கால் என்றும் பிரிந்து போகும். அதனால் வாசகத்தைச் செய்தியாகவும் அனுப்புங்கள், அதையே படமாகவும் அனுப்புங்கள். ப்ரூஃப் வந்ததும் திரையில் பார்த்துச் சரி என்று சொல்லாதீர்கள். தாளில் எடுத்து, வேறொருவரை விட்டு எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். போன் எண்ணைப் படித்துப் பார்ப்பது போதாது, அச்சில் இருப்பதைப் பார்த்து டயல் செய்யுங்கள். நம் போன் அடித்தால்தான் சரி.

முதலில் அச்சடித்த பையை வாங்கி மறுநாள் நகத்தால் கீறிப் பாருங்கள். மை உதிர்ந்தால் சரியாகக் காயவில்லை என்று அர்த்தம். காய்ந்த பிறகே கட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒன்றின் பெயர் இன்னொன்றின் முதுகில் ஒட்டியிருக்கும்.

அட்டையும் நோட்டீசும் பாரிமுனையில் ஆண்டர்சன் தெருப் பக்கம் கொடுத்தால் மலிவு. ஆனால் திருத்தத்துக்கு ஒருமுறை, வாங்க ஒருமுறை என்று போக வேண்டும். ஆயிரம் நோட்டீஸ்தான் என்றால் பக்கத்து அச்சகத்தில் கூடுதலாக நூறு ரூபாய் கொடுப்பதே மிச்சம். அட்டைக்குப் பளபளப்பான தாள் வேண்டாம், முத்திரை மை காயாமல் இழுபடும்.

6. நோட்டீஸ் வாசகம்

நோட்டீசில் போடுவதெல்லாம் வாக்குறுதி. தருவதாகச் சொல்லிவிட்டுத் தராமல் விட்டால் புகார் செய்ய அவர்களுக்கு உரிமை இருக்கிறது. ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று அடியில் எறும்பு எழுத்தில் போட்டுத் தப்பிக்கவும் முடியாது. நிபந்தனை எதுவோ அதையே எல்லாரும் படிக்கும் அளவில் எழுதிவிடுங்கள். எங்கள் வாசகத்தைக் கீழே தருகிறேன், பெயரை மாற்றி எடுத்துக்கொள்ளலாம்.

> நன்றி!
>
> எங்கள் கடை பத்து ஆண்டுகளை நிறைவு செய்திருக்கிறது. அரிசி சரியில்லை என்றால் திருப்பிக் கொண்டுவந்து சொன்னவர்களும், மழைவெள்ளத்தில் கடைக்குள் தண்ணீர் வந்தபோது மூட்டை தூக்கி உதவியவர்களும் நீங்கள்தான். உங்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.
>
> ஜூலை 1 முதல் 31 வரை எங்கள் கடையில் வாங்கும் பொருள்களுக்கு, ஒவ்வொரு 50 ரூபாய்க்கும் அட்டையில் ஒரு முத்திரை. 20 முத்திரை சேர்ந்ததும் ஒரு துணிப்பை எங்கள் அன்புப் பரிசு.
>
> குடும்பத்துக்கு ஓர் அட்டை. மொத்தம் 400 அட்டைகள். ஜூன் 25 முதல் கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளவும். அட்டை பெற்று 20 முத்திரை சேர்த்த ஒவ்வொருவருக்கும் பை உறுதி.
>
> கணக்கில் வாங்குபவர்களுக்கும் உண்டு.
>
> பால், ரீசார்ஜ், புகையிலைப் பொருள், குழந்தைப் பால்பவுடர், பால்புட்டி சேராது.

நன்றிப் பகுதியில் ‘எங்கள் வெற்றிக்குக் காரணமான வாடிக்கையாளப் பெருமக்களே’ என்று ஆரம்பித்தால் யாரும் இரண்டாம் வரிக்குப் போக மாட்டார்கள். உங்கள் தெருக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றை எழுதுங்கள். ஆள் பெயர் மட்டும் வேண்டாம், ஒருவர் பெயரைப் போட்டால் விட்டுப்போன பத்துப் பேர் முகம் திருப்புவார்கள்.

‘கணக்கில் வாங்குபவர்களுக்கும் உண்டு’ என்ற வரியைக் கட்டாயம் போடுங்கள். அது இல்லாவிட்டால் கடன் வைத்திருப்பவர்கள் அட்டை கேட்கவே கூசுவார்கள். பாக்கியை அடைத்தால்தான் முத்திரை என்று வைப்பதும் வேண்டாம். பாக்கி வசூலும் நன்றியும் ஒரே மாதத்தில் சேராது.

7. எப்படித் தெரியப்படுத்துவது

பேனர் உங்கள் கடை முகப்புக்குள் இருக்கட்டும். மின்கம்பத்திலோ நடைபாதையிலோ மாநகராட்சி அனுமதி இல்லாமல் கட்டினால் அவிழ்த்துக்கொண்டு போவார்கள், அபராதமும் உண்டு. நோட்டீசைச் செய்தித்தாளில் வைத்து அனுப்புவதைவிட, சரக்கு கட்டும்போது பைக்குள் போடுவது நேராகப் போய்ச் சேரும்.

வாட்ஸப்பில் வாடிக்கையாளர்களை எல்லாம் சேர்த்துக் குரூப் ஆரம்பிக்காதீர்கள். ஒருவர் எண் எல்லாருக்கும் தெரிந்துவிடும், பெண்களுக்குத் தொல்லை. பிராட்காஸ்ட் பட்டியல் போடுங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், அதனால் எங்களுக்கு இரண்டு பட்டியல் தேவைப்பட்டது. நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போகும். அனுப்பிவிட்டேனே, ஏன் யாரும் கேட்கவில்லை என்று நீங்கள் குழம்பினால் காரணம் பெரும்பாலும் இதுதான். அட்டை கொடுக்கும்போதே ‘நம்ம நம்பரைப் போட்டு வெச்சுக்கோங்க’ என்று சொல்லிவிடுங்கள். மாதத்தில் இரண்டு செய்திக்கு மேல் வேண்டாம். மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்ப டிஎல்டி என்ற தளத்தில் பதிவு, வாசகத்துக்கு ஒப்புதல் என்று தனி வேலை இருக்கிறது. ஒரு தெருக் கடைக்கு அது தேவையில்லை.

8. பரிசு மாதத்தில் கல்லாவில் நடப்பவை

முத்திரைக்குக் கடைப் பெயர் ரப்பர் ஸ்டாம்பை வைக்காதீர்கள், அதையே எல்லா பில்லிலும் குத்துகிறோம். சின்னதாக ஒரு பூ முத்திரையோ எழுத்து முத்திரையோ புதிதாக வாங்கி, கல்லா டிராயரிலேயே வையுங்கள். வெளியே வைத்தால் கடைப் பையன்கள் அவரவர் வீட்டு அட்டையை அவர்களே நிறைத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு முதல் நாளே ஆளுக்கு ஒரு பை கொடுத்துவிடுங்கள், அந்தப் பிரச்சினையும் தீர்ந்தது.

அட்டையைத் தொலைத்தவர்கள் வருவார்கள். வரிசை எண்ணும் குடும்பமும் எழுதிய நோட்டு இருந்தால், பழைய எண்ணை அடித்துவிட்டு மாற்று அட்டை கொடுக்கலாம். அதற்காகவே கூடுதலாகப் பத்து வெற்று அட்டைகளை எண் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஆதார், போன் எண் எதுவும் கேட்க வேண்டாம். ‘மூணாவது சந்து, டெய்லர் வீடு’ என்று எழுதினாலே அடையாளம் தெரிந்துவிடும்.

ஆகஸ்ட் 1-ஆம் தேதி பதினெட்டு முத்திரையோடு ஒருவர் வந்து நிற்பார். ஒரு வாரம் சலுகை கொடுக்கலாம் என்று முன்பே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீசில் போடாதீர்கள், போட்டால் எல்லாரும் ஏழாம் தேதிக்குத்தான் வருவார்கள்.

பையோடு வாடிக்கையாளரை நிற்க வைத்து போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட வேண்டும் என்று என் மகன் ஆசைப்பட்டான். கேட்டுவிட்டு, சரி என்றவர்களை மட்டும் எடுத்தான். ஐம்பது ரூபாய்ப் பொருளைக் கொடுத்துவிட்டுப் படம் எடுப்பது எனக்கு இன்னும் ஒப்பவில்லை.

9. முடிந்ததும் எடுத்து வைக்க வேண்டிய தாள்கள்

பை பில், அச்சக பில், பேனர் பில், பணம் அனுப்பிய வங்கி விவரம், நோட்டீஸ் ஒரு பிரதி, அட்டை எண் நோட்டு, பை கொடுத்ததும் திரும்ப வாங்கி மூலையில் துளை போட்ட அட்டைகள். துளை போடாமல் வைத்தால் அதே அட்டை இரண்டாம் முறை வரும். இவற்றை ஒரு கவரில் போட்டு ஆடிட்டரிடம் விற்பனை ஊக்குவிப்புச் செலவு என்று சொல்லிக் கொடுங்கள். பைகளைச் சரக்குக் கொள்முதலோடு கலந்து எழுதிவிட்டால், விற்காத சரக்காகக் கையிருப்பில் நின்று வருஷக் கடைசியில் கணக்கு உதைக்கும்.

எல்லா அட்டையும் நிறையாது, பை கொஞ்சம் மிஞ்சும். அவற்றைக் கல்லா பக்கத்தில் விலை போட்டுத் தொங்கவிடாதீர்கள். அட்டை நிறைத்து வாங்கியவர் பார்த்தால் நன்றாக இருக்காது. தீபாவளிச் சரக்கு வாங்கும்போது பை கொண்டுவர மறந்தவர்களுக்கு, சும்மா போட்டுக் கொடுத்துவிடுங்கள்.